மணலும் ஏரிக் களிமண்ணும்: பாட்டில்களால் செய்த நிலைமட்ட ஊடுருவல் சோதனை — பாலாற்றங்கரைக் குட்டை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூருக்கு மேற்கே, விரிஞ்சிபுரத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் பாலாற்றை ஒட்டிய ஒரு நிலம். அதன் உரிமையாளர் மேல்பரப்பில் 12 மீட்டருக்கு 10 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்ற அளவில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டியிருந்தார். மேலே ஒரு மீட்டர் வரை செம்மண் கலந்த வண்டல். அதற்குக் கீழே ஆற்று மணல் தட்டியது. பாலாறு என்றோ ஓடிய தடத்தில் விட்டுப்போன மணல் அது. குட்டையின் அடித்தரையில் பாதிக்கு மேல் இந்த மணல்தான் வெளியே தெரிந்தது.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டால், மோட்டார் ஓடும்வரை முழங்கால் அளவுக்கு நிற்கும். மாலையில் நிறுத்தினால் பொழுது விடிவதற்குள் தரை தெரிந்துவிடும். அவருடைய அக்கா மகள் பாலிடெக்னிக்கில் கட்டடவியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே மண்ணியல் ஆய்வகம் நடத்துபவன். "மாமா குட்டையில தண்ணியே நிக்கல சார். ஏரிக் களிமண்ண கொட்டி மிதிச்சா நிக்குமான்னு கேக்கறாரு" என்று அவள் வந்து சொன்னதில் தொடங்கியது இந்த வேலை.

அவர் முன்னால் இருந்த மாற்று வழி பிளாஸ்டிக் விரிப்பு. விலை ஒரு தடை. மாடு இறங்கினால் குளம்பு பட்டுக் கிழியும் என்பது அதைவிடப் பெரிய தடை. பக்கத்து ஏரி கோடையில் வற்றிக் கிடந்தது, வட்டாட்சியர் அனுமதி வாங்கினால் மண் எடுக்கலாம். எனவே கேள்வி குறுகலானது: இந்த ஏரியின் களிமண்ணை 30 செ.மீ. கனத்துக்குப் போட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கீழே போகும்?

கருவியை ஏன் நாங்களே செய்தோம்

கல்லூரியில் இந்திய தரநிலை 2720, பகுதி 17 சொல்கிறபடியான ஊடுருவல் அச்சு இருக்கிறது. ஆனால் அதை வகுப்புக்கு வகுப்பு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். களிமண் சோதனைக்கு ஒரே மாதிரி நாள்கணக்கில் கலைக்காமல் இருக்க வேண்டும். தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்பது இரும்பு அச்சில் கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலில் தெரியும். பின்னால் பார்க்கப்போவது போல, இந்த இரண்டாவது காரணம்தான் முழு வேலையையும் காப்பாற்றியது.

கொள்கை புதிதல்ல. 1856இல் பிரான்சின் திழோன் நகரில் மணல் நிரப்பிய உருளைகளில் தண்ணீர் விட்டுப் பார்த்து ஆன்றி தார்சி கண்ட விதி இது. மண் வழியே போகும் நீரின் அளவு மண்ணின் குறுக்குப் பரப்புக்கும், மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்தில் கூடும், மண்ணின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். இரண்டு பக்கத்து நீர்மட்டத்தையும் அசையாமல் வைத்துக்கொண்டால் கணக்கு ஒரே வரி:

```
k = Q × L / (A × h × t)
```

Q வந்து சேர்ந்த தண்ணீர், t அதற்கான நேரம், L மண்ணின் நீளம், A குறுக்குப் பரப்பு, h நீர்மட்ட வேறுபாடு. k என்பது ஊடுருவல் கெழு, நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று வரும்.

அமைப்பு

மண்ணுக்கு, வரிப்பள்ளம் இல்லாத நேர்ச்சுவர் பாட்டில் ஒன்று. உள்விட்டம் 7.4 செ.மீ., அதாவது பரப்பு 43 சதுர செ.மீ. அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு, வாய் கீழே இருக்கும்படி தலைகீழாகத் தாங்கியில் நிறுத்தினோம். மூடியில் துளையிட்டுக் குழாய் செருகி எபாக்சி பசையால் அடைத்தோம். கழுத்துப் பகுதியில் கூழாங்கல், அதன்மேல் இரண்டு மடிப்பு கொசுவலை. அதற்கு மேலேதான் மண்.

தண்ணீர் வரும் பக்கத்துக்கு இன்னொரு பாட்டில், அதன் பக்கவாட்டில் ஒரு வழிவுத் துளை. 20 லிட்டர் கேனின் குழாயிலிருந்து இதில் எப்போதும் தேவைக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் விழும், மிச்சம் துளை வழியே வழியும். துளையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருக்கும்வரை மேல்மட்டம் நிலையாக இருக்கிறது என்று பொருள். சொட்டு நின்றால் அந்த அளவீட்டைத் தூக்கி எறிய வேண்டும். வெளியேறும் குழாயின் முனையையும் ஒரே உயரத்தில் கட்டிவைத்தோம். இணைப்புக் குழாய்க்கு, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் தெளிவான லெவல் ட்யூப்.

பலர் விட்டுவிடும் ஒரு பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேல் பாட்டிலின் நீர்மட்டத்துக்கும் வெளியேறும் முனைக்கும் உள்ள உயரத்தை அளந்து அதையே h என்று போடுவது எளிது. மணலில் அது தவறான விடையைத் தரும். மணல் தண்ணீரை வேகமாக விடுவதால், கொசுவலையிலும் மூடித் துளையிலும் குழாயிலும் ஓட்டத்துக்கு ஏற்படும் தடை மணலின் தடைக்குச் சமமாக வந்துவிடும். அந்த உயரத்தில் எவ்வளவு மணலில் செலவானது, எவ்வளவு குழாயில் செலவானது என்று பிரிக்க வழி இருக்காது. அதனால் பாட்டில் சுவரில், மணல் இருக்கும் பகுதியில், 6 செ.மீ. இடைவெளியில் சூடான ஊசியால் இரண்டு துளைகள் போட்டு, சலைன் ட்யூப் துண்டுகளைப் பொருத்தி அளவுகோலின் ஓரமாக நிமிர்த்திக் கட்டினோம். மணல் ஏறாமல் இருக்க முனையில் சிறிது பஞ்சு. இரண்டு குழாயிலும் தண்ணீர் நிற்கும் உயர வேறுபாடுதான் அந்த 6 செ.மீ. மணலில் மட்டும் செலவான மட்டம்.

இந்தக் குழாய்கள் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க ஒரே சோதனை போதும். வெளியேறும் குழாயை மடித்து ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ காற்றுக் குமிழி அடைத்திருக்கிறது.

மணலில் கண்டது

குட்டையின் தரையிலிருந்தே மணல் எடுத்தோம். உலர்த்தி, கூழாங்கல்லை மட்டும் பொறுக்கிவிட்டு, சிறிது சிறிதாகப் போட்டுத் தட்டி நிரப்பினோம். மேலிருந்து தண்ணீர் விட்டு ஓட்டத்தைத் தொடங்கியதும் அளவுகள் ஒழுங்காக வருவது போலத்தான் இருந்தது. இரண்டு குழாய்களின் வேறுபாடு 4.2 செ.மீ., இரண்டு நிமிடத்தில் 165 மி.லி. அரைமணி கழித்து அதே வேறுபாட்டுக்கு 150, இன்னும் கொஞ்ச நேரத்தில் 140.

மண் மாறவில்லை, நீர்மட்டமும் மாறவில்லை. ஆனாலும் ஓட்டம் குறைந்துகொண்டே போகிறது. பாட்டில் சுவரை விளக்கு வைத்துப் பார்த்தபோது மணல்மணிகளுக்கு நடுவே வெள்ளி நிறத்தில் குமிழிகள் தெரிந்தன. காய்ந்த மணலில் மேலிருந்து தண்ணீர் விட்டதால் சிக்கிய காற்று ஒரு பங்கு. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று, அறைச் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பானதும் வெளிவந்து துளைகளில் ஒட்டியது இன்னொரு பங்கு. குமிழி இருக்கிற துளை தண்ணீருக்கு அடைபட்ட துளை.

இரண்டையும் மாற்றினோம். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டோம். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் வெள்ளை உப்புப் படியும். தெளிந்ததை மட்டும் வடித்துக்கொண்டோம். மணலைப் புதிதாக நிரப்பி, இந்த முறை கீழிருந்து மேலாக மிக மெதுவாகத் தண்ணீரை ஏற்றினோம். மெதுவாக என்பதை மாணவர்களுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கீழிருந்து மேலே செல்லும் ஓட்டத்தில் மட்ட வேறுபாடு மணலின் நீளத்தை நெருங்கினாலே மணல்மணிகள் எடை இழந்து கொதிப்பது போல் கிளம்பும், நிரப்பிய அடர்த்தி கலைந்துவிடும்.

அதன்பின் 4.2 செ.மீ. வேறுபாட்டுக்கு இரண்டு நிமிடத்தில் 250 மி.லி. வந்தது, மணிக்கணக்கில் அப்படியே நின்றது. சரிபார்ப்பதற்காக வேறுபாட்டை 2.1 ஆகப் பாதியாக்கினோம், 126 வந்தது. 6.3 ஆக்கினோம், 372 வந்தது. பாதிக்குப் பாதி, ஒன்றரைக்கு ஒன்றரை. தார்சி விதி இந்த வேகத்தில் பொருந்துகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. மூன்றில் ஒன்று விலகியிருந்தால் ஓட்டம் அதிவேகமாகிவிட்டது என்றோ மணல் இடம் பெயர்கிறது என்றோ சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு: 250 மி.லி.யை 120 நொடியால் வகுத்து, பரப்பு 43ஆல் வகுத்தால் நொடிக்கு 0.048 செ.மீ. மட்ட வேறுபாடு 4.2ஐ மணலின் நீளம் 6ஆல் வகுத்தால் மட்டச் சரிவு 0.70. ஆக k நொடிக்கு 0.069 செ.மீ. தண்ணீர் 31 டிகிரி செல்சியஸில் இருந்தது. தரநிலை கேட்கும் 27 டிகிரிக்கு மாற்றினால் தண்ணீரின் பிசுபிசுப்புக் கூடி, k சுமார் 8 சதவீதம் குறையும். நடுத்தர முதல் பெருமணல் வரை எதிர்பார்க்கும் அளவுதான்.

இதே எண்ணைக் குட்டைக்கு நேரடியாகப் பொருத்தினால் மட்டும் ஒரு முரண் வந்தது. நொடிக்கு 0.069 செ.மீ. என்றால் நாளைக்கு 60 மீட்டர். குட்டையில் முழங்கால் ஆழம், சுமார் 45 செ.மீ., இறங்கப் பத்து மணி நேரம் ஆனது. இது ஐம்பது மடங்குக்கும் மேல் மெதுவான வேகம். மாணவர்கள் சோதனையில்தான் பிழை என்று நினைத்தார்கள். குட்டைக்குப் போய் மணலைக் கையால் கீறிப் பார்த்தபோது விடை கிடைத்தது. மோட்டார்த் தண்ணீர் விழும் வேகத்தில் ஓரத்து வண்டல் கலங்கி, மணல்மேல் விரல்நகக் கனத்துக்கு ஒரு படலமாகப் படிந்திருந்தது. தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் படலம், மணல் அல்ல. மெல்லிய நுண்மண் அடுக்கு ஒன்றே இவ்வளவு செய்கிறது என்றால் களிமண் அடுக்கு என்ன செய்யும் என்பதற்கு அதுவே ஒரு முன்னறிவிப்பு. வட ஆர்க்காட்டுக்காரர்கள் பாலாற்று மணலில் ஊற்றுக்கால்வாய் தோண்டிப் பாசனம் செய்த காலத்தில் ஆண்டுதோறும் கால்வாயைத் தூர்வாரியதன் பின்னணியிலும் இதே படலம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

களிமண்ணில் முதல் ஓட்டம்

களிமண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதை ஊரில் பானை செய்யும் ஒரு பெரியவர் காட்டினார். ஏரியின் மேல்தட்டு வண்டலை ஒதுக்கச் சொல்லி, அடியில் இருந்த கரிய மண்ணை எடுத்து விரலிடுக்கில் நாடாவாக இழுத்துக் காட்டினார். உடையாமல் விரல் நீளத்துக்கு வந்தது. "இது சக்கரத்துக்கே ஆவும் தம்பி, குட்டைக்கா ஆவாது?" என்றார்.

அந்த மண்ணை உலர்த்தி இடித்துச் சலித்து, கிணற்றுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இரவு முழுக்க ஊறவைத்தோம். குடிநீர்க் கேன் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தவில்லை. உப்பு குறைந்த தண்ணீரில் களித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து பரவும், கடினத் தண்ணீரில் திரளும். குட்டையில் எந்தத் தண்ணீர் நிற்கப்போகிறதோ அதில்தான் சோதிக்க வேண்டும். பாட்டிலில் 5 செ.மீ. கனத்துக்கு அடுக்கடுக்காக அழுத்தி, மேலும் கீழும் 40 செ.மீ. மட்ட வேறுபாடு கொடுத்தோம். சுவர்க் குழாய்கள் இதற்குத் தேவையில்லை. ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் வலையிலும் குழாயிலும் மட்டம் செலவாகாது.

ஒரு மணி நேரத்துக்குள் வெளிக்குழாயில் சொட்டு விழத் தொடங்கியது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மி.லி. நிதானமாக, ஒரே சீராக வந்தது. கணக்குப் போட்டால் k நொடிக்கு 0.00015 செ.மீ. என்று வந்தது.

அந்த எண்ணை நம்பினால் முடிவு நேரடியானது: ஒன்றரை மீட்டர் தண்ணீருக்கு இந்த மண் ஆகாது, பிளாஸ்டிக் விரிப்பே வாங்கலாம். எண் சீராக இருந்ததால் மாணவர்கள் அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒத்துவராதது அந்த அளவு. 0.00015 என்பது நுண்மணலும் மென்வண்டலும் கலந்த மண்ணின் எண். விரலில் நாடாவாக நீளும் மண்ணுக்கு இது பொருந்தாது.

சுவரோரம் என்று எப்படித் தெரிந்தது

மேல் தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைத்தோம். இரண்டு நிமிடத்துக்குள் வெளிக்குழாயில் ஆரஞ்சு நிறம் வந்தது.

இங்கே நிறம் வந்தது என்பதைவிட எப்போது வந்தது என்பதுதான் சான்று. அளந்த ஓட்டம் உண்மையிலேயே களிமண்ணின் உடல் முழுவதும் பரவிப் போயிருந்தால், துளைகளுக்குள் அதன் வேகம் என்னவாக இருக்கும்? k 0.00015, மட்டச் சரிவு 8, மண்ணில் துளைப் பங்கு சுமார் 0.45 என்று வைத்தால் நொடிக்கு 0.0027 செ.மீ. 5 செ.மீ. கடக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டதென்றால் தண்ணீர் மிகச் சிறிய பரப்பில், மிக வேகமாக, ஏதோ ஒரு குறுக்கு வழியில் போயிருக்கிறது.

பாட்டிலை நீளவாட்டில் கத்தியால் கீறிப் பிரித்தோம். களிமண்ணின் வெளிப்புறத்தில், சுவரைத் தொட்ட இடத்தில், இரண்டு ஆரஞ்சுத் தடங்கள் மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தன. நடுவே வெட்டினால் மேலிருந்து சில மில்லிமீட்டருக்குக் கீழே நிறமே இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக்கில் களிமண் ஒட்டவில்லை, தண்ணீரின் அழுத்தத்தில் மெல்லிய சுவர் வெளிப்பக்கம் உப்பி, தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி திறந்திருந்தது. இரும்பு அச்சில் இதே கசிவு நடந்திருந்தால் கீறிப் பார்க்க முடிந்திருக்காது.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். சாயம் களித்துகள்களில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. அதனால் சாயம் விரைவில் வந்தால் குறுக்கு வழி உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். வரவில்லை என்றால் குறுக்கு வழி இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாம் அமைப்பு

மூன்று மாற்றங்கள் செய்தோம். புதுப் பாட்டிலின் உட்சுவரை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, களிக்குழம்பு பூசி, அதன்மேல் மண்ணை ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திக் கட்டினோம். பாட்டிலுக்கு வெளியே பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினோம், ரப்பர் சுருங்கச் சுருங்கச் சுவர் மண்ணோடு அழுந்தும். பெரிய ஆய்வகங்களில் களிமண்ணை ரப்பர் உறைக்குள் வைத்து வெளியிலிருந்து நீரழுத்தம் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பிறகு மட்ட வேறுபாடு இல்லாமல் இரண்டு நாள் ஊறவிட்டு, மண் உப்பிச் சுவரை நிரப்பியபின்தான் தண்ணீரை உயர்த்தினோம்.

இந்த முறை சொட்டே விழவில்லை. கீழே வைத்த டம்ளர் மறுநாளும் காய்ந்தே இருந்தது. "இப்ப சுத்தமா போவவே இல்ல சார், ஜீரோன்னு எழுதிடலாமா?" என்றான் ஒரு மாணவன். எழுதக் கூடாது. சித்திரை மாதத்து வேலூர் அறையில், வாயகன்ற டம்ளரிலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் தண்ணீர் எளிதாக 8 மி.லி. வரை இருக்கும். களிமண் வழியே வருவது அதைவிடக் குறைவாக இருந்தால் டம்ளர் எப்போதும் காலியாகவே தெரியும். கீழே தண்ணீர் சேரவில்லை என்பதிலிருந்து k இவ்வளவுக்குக் கீழே என்ற மேல்வரம்பு கிடைக்குமே தவிர, எண் கிடைக்காது.

எனவே வெளிமுனையில் டம்ளருக்குப் பதிலாக, 3 மி.மீ. உள்விட்டமுள்ள சலைன் ட்யூபைப் பலகைமேல் படுக்கைவாட்டில் நீட்டி ஒட்டி, தண்ணீரின் முனை நகர்வதை ஸ்கேலில் குறித்தோம். இந்தக் குழாயில் 1 மி.லி. என்பது 14 செ.மீ. நீளம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் இதில் தெரியும். முனை இத்தனை சிறியதாக இருப்பதால் ஆவியாவது கணக்கில் வராது. குழாய் படுத்திருப்பதால் முனை எவ்வளவு நகர்ந்தாலும் கீழ்மட்டம் மாறாது. ஆகவே இது இன்னும் நிலைமட்டச் சோதனைதான். மேல் பாட்டிலின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடி ஊசித்துளை ஒன்று விட்டோம். நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டர் குறைவதால் மேல்மட்டம் அசைவதே இல்லை, வழிவு ஏற்பாடு தேவைப்படவில்லை.

முதல் நாளே ஒரு வேடிக்கை. காலையிலிருந்து பிற்பகல்வரை முனை வேகமாக முன்னேறியது, இரவில் வேகம் குறைந்தது. மண் பகலில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் விடுகிறதா என்று மாணவர்கள் விவாதித்தார்கள். களிமண்ணுக்குக் கீழே கழுத்திலும் குழாயிலும் அடைபட்டிருந்த சுமார் 100 மி.லி. தண்ணீர் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கியதுதான் அது. அறை 6 டிகிரி சூடானாலே இந்த அளவு தண்ணீர் விரிவதில் முனை 2 செ.மீ.க்கு மேல் தள்ளப்படும். பகல் முழுக்க ஒரு மணிக்கொருமுறை குறித்தவை அனைத்திலும் வெப்பமானி அளவும் கலந்திருந்தது. அதன்பின் தினமும் விடியற்காலை ஒரே நேரத்தில், அறை வெப்பநிலையையும் சேர்த்து, ஒரே ஒரு குறிப்பு மட்டும் எடுத்தோம்.

முதல் சில நாள்கள் நகர்வு நாளுக்கு நாள் குறைந்தது, மண் இன்னும் நீர் உறிஞ்சி உப்பிக்கொண்டிருந்தது. பிறகு நாளைக்கு 21 செ.மீ. என்று நிலைத்தது. அதாவது 1.5 மி.லி. கணக்கு: ஒரு நாளின் 86,400 நொடியாலும் 43 சதுர செ.மீ.யாலும் மட்டச் சரிவு 8ஆலும் வகுத்தால் k நொடிக்கு 0.00000005 செ.மீ.

மணலின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் சுமார் 14 லட்சம் மடங்கு வேறுபாடு. முதல் ஓட்டத்தில் வந்த எண்ணை ஏற்றிருந்தால் இதே ஒப்பீடு வெறும் 460 மடங்கு என்று வந்திருக்கும்.

எடுத்த முடிவு

குட்டையில் 1.2 மீட்டர் தண்ணீர் நிற்கும், கீழே 30 செ.மீ. களிமண், அதற்கடியில் வடிந்துவிடும் மணல். மட்டச் சரிவு 5. சோதனை எண்ணைப் போட்டால் நாளைக்கு 0.2 மி.மீ. மட்டுமே கசிய வேண்டும். கோடையில் ஆவியாவதே அதைப்போல் முப்பது மடங்கு. களப்பணி எங்கள் பாட்டிலைவிட நூறு மடங்கு மோசமாக அமைந்தாலும் நாளைக்கு 2 செ.மீ.தான் இறங்கும். அந்தத் தாராள இடைவெளியை நம்பித்தான் களிமண் போதும் என்று சொன்னோம்.

அடித்தரையும் சரிவுகளும் சேர்ந்து சுமார் 138 சதுர மீட்டர். மிதித்து இறுகிய பின் 30 செ.மீ. இருக்க வேண்டும் என்பதால் ஏறக்குறைய 20 யூனிட் மண் ஏரியிலிருந்து வந்தது. சரிவில் 30 செ.மீ. நிற்குமா என்ற கவலை எனக்கு இருந்தது. சரிவு ஏற்கெனவே சாய்வாக வெட்டப்பட்டிருந்ததால் பெரும்பாலும் நின்றது, ஒரு மூலையில் மட்டும் சரிந்து திரும்பப் பூச வேண்டியிருந்தது.

மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து, தொளி ஓட்டுவது போல மாடுகளை நடக்கவிட்டு மிதிக்கச் செய்தோம். கட்டி கட்டியாக விடக்கூடாது என்பதில்தான் உரிமையாளரோடு வாக்குவாதம். "தண்ணி விட்டா தானா கரஞ்சிடும் சார்" என்றார். காய்ந்த களிக்கட்டி நடுவரை ஊற நாளாகும், அதுவரை கட்டிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளே தண்ணீருக்கு வழி. அக்கா மகள் பாட்டில் சுவரின் ஆரஞ்சுத் தடத்தைக் கைபேசியில் காட்டியபின் ஒப்புக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தது

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்தது, மழையில் குட்டை நிரம்பியது. மழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி முதல் மாணவர்கள் ஒரு கம்பில் மட்டம் குறித்தார்கள். ஆவியாதலைப் பிரிக்க, ஒரு அலுமினியப் பேசினில் குட்டைத் தண்ணீரையே ஊற்றிக் குட்டையின் ஓரத்தில் பாதி அமிழும்படி வைத்தார்கள். குட்டை நாளைக்கு 9 மி.மீ. இறங்கியது, பேசின் 6 மி.மீ. பேசின் சூடேறுவதால் குட்டையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆவியாகும். ஆகக் கசிவு 3 மி.மீ. அல்லது அதைவிடச் சற்று அதிகம்.

இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் களத்தின் k நொடிக்கு 0.0000007 செ.மீ., பாட்டிலில் கண்டதைப்போல் 14 மடங்கு. அடுக்குகளுக்கு இடையேயான இணைப்பு, ஆங்காங்கே மிச்சமிருந்த கட்டிகள், சரிந்த மூலை ஆகியவை சேர்ந்த விலை அது. சலித்துப் பிசைந்த மாதிரிக்கும் மாடு மிதித்த மண்ணுக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பது வியப்பல்ல. எதிர்பார்த்த நூறு மடங்குக்குள் நின்றதால் முடிவு பாதிக்கப்படவில்லை.

பாதித்தது கோடை. மே மாதத்தில் பாசனத்துக்காகக் குட்டையை அடிவரை இறைத்துவிட்டார். வெயிலில் களிமண் வெடித்தது. சில வெடிப்புகளில் விரல் நுழைந்தது, ஒன்றிரண்டு மணல்வரை போயிருக்கலாம். ஆடி மாத மழையில் தண்ணீர் வந்தபோது முதல் வாரம் நாளைக்கு 3 செ.மீ.க்கு மேல் இறங்கியது. பிறகு மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டு, 10 மி.மீ. அளவுக்குத் திரும்பியது. பழைய 9க்கு முழுமையாக வரவில்லை. பாட்டிலுக்குள் மண் ஒருநாளும் காயவில்லை என்பதால் சோதனை இதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த முறை மாறுவது

களிமண்ணின்மேல் ஒரு சாண் கனத்துக்குச் செம்மண் மூடாக்கு போட வேண்டும், வெயில் நேராகப் படாமல் ஈரம் காக்க. இறைக்கும்போது கணுக்கால் அளவு தண்ணீரை விட்டுவைக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லியாயிற்று. மூடாக்கு மண் போடுவதற்கு அவர் ஒப்புக்கொண்டார், தண்ணீரை விட்டுவைப்பதற்கு இன்னும் முழுமனதில்லை.

பாட்டில் அமைப்பில் மூன்று மாற்றங்கள். களிமண் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, மண்ணுக்குப் பதிலாக மெழுகு ஊற்றி முழுக்க அடைத்த இன்னொரு பாட்டில், அதே நீளக் குழாயோடு. அதன் முனை நகர்வதெல்லாம் வெப்பத்தாலும் கசியும் இணைப்புகளாலும் மட்டுமே ஆகும், களிமண் பாட்டிலின் கணக்கிலிருந்து அதை நேராகக் கழித்துவிடலாம். இரண்டாவது, சலித்துப் பிசைந்த மாதிரியோடு, களத்தில் மிதித்து முடித்த மண்ணிலேயே குழாயை இறக்கி அப்படியே வெட்டி எடுத்த மாதிரி ஒன்று. மூன்றாவது, அளவு நிலைத்தபின் மேல்தண்ணீரை வடித்து, மண்ணைப் பாட்டிலிலேயே வெடிக்கும்வரை வெயிலில் காயவைத்து, மறுபடி தண்ணீர் ஏற்றி அளப்பது. காய்ந்த மண் சுவரைவிட்டு விலகும் என்பதால் அங்கே சுவரோரக் கசிவையும் வெடிப்பின் கசிவையும் பிரிப்பது கடினம். சைக்கிள் ட்யூபை மறுபடி இறுக்கிச் சுற்றுவதும், கேசரிப் பவுடர் வந்துசேரும் நேரத்தைக் குறிப்பதும்தான் இப்போதைக்கு எங்களிடம் உள்ள வழி.